கூட்டுத்தொகை பொருந்தியும் கணக்கு தவறுவது எப்படி?

காலக் கடன் கோரி வரும் விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் திட்ட மதிப்பீட்டில் இரண்டு பட்டியல்கள் தவறாமல் இருக்கும். ஒன்று திட்டச் செலவு. மற்றொன்று அச்செலவை எங்கிருந்து ஈடுசெய்வது என்று கூறும் நிதி ஆதாரம். இரண்டின் அடியிலும் உள்ள கூட்டுத்தொகைகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை விண்ணப்பதாரர் அனைவரும் அறிவர். அவை ஒன்றாக இருப்பதைக் கண்டதும் சரிபார்ப்பு முடிந்துவிட்டதாகக் கருதித் தாளை அச்சிட்டுவிடுகின்றனர். கடன் பிரிவின் மேசையில் இத்தகைய தாள்களைப் பல ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூற இயலும். கூட்டுத்தொகைகள் முரண்படும் தாள் அதிகம் தொல்லை தருவதில்லை. பிழை இருப்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அழகாகப் பொருந்தி நிற்கும் தவறான தாளே விண்ணப்பதாரருக்கு இழப்பை உண்டாக்குவது.

இதனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் வழியே காண்போம். சிறிய ரொட்டித் தயாரிப்புக்கூடம் ஒன்றை விரிவாக்க ஒருவர் திட்டமிடுகிறார். செலவில் 25 விழுக்காடு அவருடைய சொந்தப் பங்களிப்பு. எஞ்சியது வங்கிக் கடன். எக்செல் விரிதாளில் A நிரலில் இனங்களும் B நிரலில் தொகைகளும், இரண்டாம் வரிசை முதல் ஒன்பதாம் வரிசை வரை, பின்வருமாறு இடம்பெற்றுள்ளன.

கட்டடச் சீரமைப்பு – ரூ. 3,86,600
ரொட்டி அடுப்பு – ரூ. 9,43,700
மாவு பிசையும் இயந்திரம் – ரூ. 2,74,350
குளிர்பதனப் பெட்டி – ரூ. 1,62,750
மின் இணைப்பு வேலை – ரூ. 1,18,700
மேசைகள், தட்டுகள் – ரூ. 1,33,600
தொடக்கச் செலவுகள் – ரூ. 45,700
நடைமுறை மூலதனத்திற்கான பங்கு – ரூ. 2,50,000

பத்தாம் வரிசையில் மொத்தம் ரூ. 17,91,050 என்று தாள் காட்டுகிறது. அடுத்த பட்டியலில் சொந்தப் பங்களிப்பு ரூ. 4,47,762.50; கடன் ரூ. 13,43,287.50, மொத்தம் ரூ. 17,91,050. இரண்டும் பைசா பிசகாமல் பொருந்துகின்றன. ஆனால் மேலே உள்ள எட்டுத் தொகைகளையும் மேசைக் கணிப்பானில் கூட்டினால் கிடைப்பது ரூ. 23,15,400.

முதலில், இத்தனை பெரிய வேறுபாடு இருந்தும் இரு பட்டியல்களும் எப்படிப் பொருந்தின என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பங்களிப்பு, செலவு மொத்தத்தின் 25 விழுக்காடாகச் சூத்திரத்தால் கணக்கிடப்பட்டது. கடன் தொகையோ மொத்தத்திலிருந்து அப்பங்களிப்பைக் கழித்துப் பெறப்பட்டது. ஆகவே மொத்தம் எதுவாக இருந்தாலும், அது தவறே ஆனாலும், இவ்விரண்டின் கூட்டு அதற்குச் சமமாகவே வரும். தன் நிழலைத் தன்னோடு ஒப்பிட்டு உயரம் சரி என்று முடிவு செய்வது போன்றது இது. மீதியாகக் கணக்கிடப்பட்ட தொகை எந்தப் பட்டியலில் இருந்தாலும், அப்பட்டியலின் பொருத்தத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது. சான்றாகக் கொள்ளத்தக்கது தனித்த வழியில் வந்த எண் மட்டுமே: விலைப்புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், கணிப்பானில் கூட்டிய எண்.

இனி வேறுபாட்டை ஆராய்வோம். 23,15,400இலிருந்து 17,91,050ஐக் கழித்தால் 5,24,350. பழைய கணக்கர்கள் இவ்விடத்தில் முதலில் செய்வது, இதே தொகை பட்டியலில் எங்கேனும் உள்ளதா என்று பார்ப்பது. இருந்தால் அந்த இனம் விடுபட்டுள்ளது என்று பொருள். இல்லையெனில் வேறுபாட்டை 9ஆல் வகுத்துப் பார்ப்பர்; மீதியின்றி வகுபட்டால் அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் விலையை 1,62,750 என்பதற்குப் பதிலாக 1,26,750 என்று உள்ளிட்டால் வேறுபாடு 36,000. அது 9ஆல் வகுபடும். ஒரு சுழியம் கூடினாலும் குறைந்தாலும்கூட வேறுபாடு 9ஆல் வகுபடவே செய்யும். வகுபடுவதாலேயே இலக்கம் மாறியது உறுதியாகிவிடாது. எங்கே தேடுவது என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவே.

நம் கணக்கில் 5,24,350 என்ற தொகை பட்டியலில் இல்லை. 9ஆலும் அது வகுபடவில்லை. இப்படி எந்தக் குறிப்பும் உதவாத வேறுபாடு, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகளின் கலவையாகும். அவற்றைப் பிரித்துக் காண எளிய வழி ஒன்று உண்டு. B2 முதல் B9 வரையுள்ள கலங்களைச் சுட்டியால் தேர்ந்தெடுங்கள். திரையின் அடிப்பட்டையில் Sum என்ற சொல்லுக்கு எதிரே ஒரு தொகை தோன்றும். இத்தாளில் அது 20,41,050 என்று வருகிறது. இப்போது நம்மிடம் மூன்று மொத்தங்கள் உள்ளன: கணிப்பானில் 23,15,400, அடிப்பட்டையில் 20,41,050, மொத்தக் கலத்தில் 17,91,050.

கடைசி இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு சரியாக 2,50,000. அது நடைமுறை மூலதன இனத்தின் தொகை. மொத்தக் கலத்தைச் சொடுக்கி அதிலுள்ள சூத்திரத்தைப் படித்தால் காரணம் வெளிப்படுகிறது.

```
=SUM(B2:B8)
```

விண்ணப்பதாரர் முதலில் ஏழு இனங்களோடு தாளை அமைத்திருக்கிறார். நடைமுறை மூலதனத்தையும் சேர்க்க வேண்டும் என்று பின்னர் யாரோ கூற, மொத்தத்திற்குச் சற்று மேலே ஒரு வரிசையைச் செருகியிருக்கிறார். கூட்டும் எல்லைக்கு நடுவே வரிசையைச் செருகினால் எல்லை தானே விரியும். எல்லைக்கு வெளியே, கடைசி இனத்திற்கும் மொத்தத்திற்கும் இடையில் செருகினால் அது விரியும் என்பதற்கு உறுதியில்லை. சில வேளைகளில் எக்செல் தானாகவே சூத்திரத்தை நீட்டிக்கொள்வதும் உண்டு. அந்த வழக்கம்தான் நம்மை அயரச் செய்கிறது. நான் காணும் நல்ல தாள்களில் மொத்தத்திற்கு மேலே ஒரு வெற்று வரிசை விடப்பட்டு, அதுவும் சூத்திரத்தின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டிருக்கும். புதிய இனம் எப்போதும் அவ்வெற்று வரிசைக்கு மேலேதான் செருகப்படும். அதனால் ஒருபோதும் விடுபடாது.

எல்லைப் பிழை பேரறிஞர்களையும் விடவில்லை. ஹார்வர்டு பொருளியலாளர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் 2010இல் அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களுடைய விரிதாளைத் திறந்து பார்த்தபோது, சராசரி காணும் சூத்திரம் 20 நாடுகளில் கடைசி 5 நாடுகளைச் சேர்க்காமல் நின்றிருப்பதைக் கண்டார். ஆய்வாளர்களும் அப்பிழையை ஒப்புக்கொண்டனர்.

மீண்டும் நம் ரொட்டிக்கூடத்திற்கு வருவோம். எல்லையைத் திருத்திய பின்னரும் 23,15,400க்கும் 20,41,050க்கும் இடையே 2,74,350 குறைகிறது. இப்போது அத்தொகை பட்டியலிலேயே இருக்கிறது: மாவு பிசையும் இயந்திரம். அதன் விலை ரூ. 2,32,500, ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு ரூ. 41,850, ஆக மொத்தம் ரூ. 2,74,350 என்று விலைப்புள்ளியும் கூறுகிறது. எண் சரி, அது கூட்டும் எல்லைக்குள்ளும் இருக்கிறது, ஆயினும் கூட்டப்படவில்லை. ஏனெனில் அக்கலத்தில் இருப்பது எண்ணன்று, எண்ணைப் போலத் தோன்றும் எழுத்துத் தொடர். விற்பனையாளர் அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து தொகையை நகலெடுத்து ஒட்டியபோது, கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிக்குறி ஒன்று அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. SUM சூத்திரம் எழுத்துத் தொடரைக் கண்டால் பிழை என்று அறிவிக்காது; மௌனமாகக் கடந்து சென்றுவிடும். தொகைக்கு முன்னால் தமிழில் ‘ரூ.’ என்று உள்ளிட்டாலும் இதே விளைவுதான்.

இதனைக் கண்டறியச் சில அடையாளங்கள் உண்டு. வடிவமைப்பு ஏதும் செய்யாத தாளில் எண்கள் கலத்தின் வலப்புறமும் எழுத்துகள் இடப்புறமும் ஒதுங்கி நிற்கும். தாளை அழகுபடுத்தும் நோக்கில் நிரல் முழுவதையும் வலப்புறம் ஒழுங்குபடுத்திவிட்டால் இந்த அடையாளம் அழிந்துவிடுகிறது. கலத்தின் மூலையில் தோன்றும் சிறு பச்சை முக்கோணமும் எல்லா வேளையிலும் வருவதில்லை. நம்பத்தக்க வழி, எண்ணிக்கையைச் சரிபார்ப்பது. தாளின் ஓர் ஓரத்தில் பின்வரும் சூத்திரத்தை இடலாம்.

```
=COUNTA(A2:A9)-COUNT(B2:B9)
```

முதற்பகுதி எத்தனை இனங்களுக்குப் பெயர் இருக்கிறது என்று எண்ணும்; இரண்டாம் பகுதி எத்தனை இனங்களுக்கு மெய்யான எண் இருக்கிறது என்று எண்ணும். விடை சுழியமாக இருக்க வேண்டும். நம் தாளில் அது 1 என்று வருகிறது. குறையுள்ள கலம் தெரிந்தபின், அதில் உள்ளதை முற்றிலும் அழித்துவிட்டு எண்ணைக் கையால் மீண்டும் உள்ளிடுவதே மிக எளிய தீர்வு.

இவ்விரு பிழைகளையும் கவனியாமல் விட்டிருந்தால் விளைவு என்ன? தேவையான கடன் ரூ. 17,36,550; விண்ணப்பத்தில் கோரப்பட்டதோ ரூ. 13,43,287.50. குறைவு ரூ. 3,93,262.50. வங்கி ஒப்புதல் அளித்து, அடுப்பும் வந்து இறங்கிய பிறகுதான் இயந்திரத்திற்குப் பணமில்லை என்பது தெரியவரும். கூடுதல் கடன் கோரினால் அதற்குப் புதிய மதிப்பீடும் புதிய ஒப்புதலும் வேண்டும். அடுப்பு வேலையின்றி நிற்கும் அவ்வேளையில் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

தாள் திருத்தப்பட்டது. திட்டச் செலவு ரூ. 23,15,400. அடுத்து வருவது வேறு வகைத் தொல்லை. அறிக்கையின் முகப்புப் பக்கத்தில் தொகைகளை இலட்சத்தில், இரு தசம இடங்களுடன் தருவது வழக்கம். அவ்வாறு மாற்றினால் எட்டு இனங்களும் முறையே 3.87, 9.44, 2.74, 1.63, 1.19, 1.34, 0.46, 2.50 என்று தோன்றுகின்றன. மொத்தம் 23.15 என்று காட்டப்படுகிறது. அச்சிட்ட தாளில் இவ்வெண்களைக் கூட்டிப் பார்க்கும் அலுவலருக்கு 23.17 கிடைக்கும். நிதி ஆதாரத்தில் பங்களிப்பு 5.79, கடன் 17.37, இவற்றைக் கூட்டினால் 23.16. ஒரே திட்டத்திற்கு மூன்று மொத்தங்கள்!

இங்கே யாரும் பிழை செய்யவில்லை. கலத்தில் தோன்றுவது முழுமையாக்கப்பட்ட எண்; கலத்தின் உள்ளே இருப்பதும் கூட்டப்படுவதும் முழு எண். 3.866 என்பது 3.87 ஆகத் தோன்றும்போது 0.004 கூடுகிறது. எட்டு இனங்களில் ஆறு இவ்வாறு மேல்நோக்கியே நகர்ந்ததால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

ஆனால் ‘முழுமையாக்கலால் வந்த வேறுபாடு’ என்ற விளக்கத்தின் பின்னால் மெய்யான பிழையும் ஒளிந்துகொள்ளக்கூடும். அதற்கு ஓர் எல்லை உண்டு. இரு தசம இடங்களுக்கு முழுமையாக்கும்போது ஓர் எண் அதிகமாக 0.005 வரைதான் நகர முடியும். எட்டு இனங்களுக்கு 0.04, மொத்தமும் முழுமையாக்கப்படுவதால் இன்னும் ஒரு 0.005. ஆகவே எட்டு இனப் பட்டியலில் 0.02 வேறுபாடு இயல்பானது. 0.05 வேறுபாடு வந்தால் அதற்கு முழுமையாக்கல் காரணமாக முடியாது, தேடத்தான் வேண்டும்.

இதனைச் சரிசெய்யும் முறையில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வங்கி பணம் வழங்குவது விற்பனையாளரின் பட்டியலிலுள்ள ரூபாயின் அடிப்படையில். ஆகவே முதன்மைக் கணக்கு முழு ரூபாயிலேயே இருக்க வேண்டும். இலட்சத்தில் தரும் பட்டியல் அதன் சுருக்கம் மட்டுமே. அதன் கீழே ‘முழுமையாக்கலால் கூட்டுத்தொகையில் சிறு வேறுபாடு இருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். சிலர் மொத்தம் பொருந்துவதற்காக ஏதேனும் ஓர் இனத்தில் 0.02ஐக் குறைத்துவிடுவர். விலைப்புள்ளியோடு ஒப்பிடும்போது அது மறைப்பாகவே தோன்றும். எக்செலில் Set precision as displayed என்றொரு விருப்பமும் உண்டு. அதனைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருக்கும் முழு எண்களே வெட்டப்பட்டுவிடும், மீட்க இயலாது. அதனைத் தொடாமல் இருப்பது நலம்.

வரித் தொகையில் பைசா வருவதைப் பற்றிப் பலர் கேட்பர். அடுப்பின் விலை ரூ. 7,99,746, அதற்கு 18 விழுக்காடு வரி ரூ. 1,43,954.28. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி வரி அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கப்படும். 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாயாகும், குறைந்தால் விடப்படும். தாளிலும் வரியை ROUND சூத்திரத்தால் அவ்வாறே முழுமையாக்கிவிட்டால் விலைப்புள்ளியோடு ஒரு ரூபாய்கூட வேறுபடாது.

```
=ROUND(C3*18%,0)
```

கோரும் கடனை ஆயிரத்திற்கு முழுமையாக்குவதில் திசை முக்கியம். ரூ. 17,36,550ஐ ரூ. 17,37,000 என்று உயர்த்தினால் சொந்தப் பங்களிப்பு ரூ. 5,78,400 ஆகி, 24.98 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. திட்டம் 25 விழுக்காடு கேட்கும்போது இது நிபந்தனையை மீறிய விண்ணப்பம். கடனை ரூ. 17,36,000 என்று குறைத்து, பங்களிப்பை ரூ. 5,79,400 ஆக்கினால் எந்தக் கேள்வியும் எழாது.

இனி, எந்தக் கூட்டலாலும் வெளிப்படாத பிழை ஒன்று. கடனுக்கான வட்டியை மாதந்தோறும் கணக்கிடும் தாள் தனியாக உள்ளது. B2 முதல் கீழே மாதத் தொடக்க நிலுவையும், E1 கலத்தில் ஆண்டு வட்டி வீதமும் உள்ளன. வீதம் 10.5 விழுக்காடு என்றும், முதல் ஆண்டில் அசல் திருப்பம் தொடங்காது என்றும் கொள்வோம். முதல் மாதத்திற்கு விண்ணப்பதாரர் எழுதிய சூத்திரம் இது.

```
=B2*E1/12
```

விடை ரூ. 15,190. சரியான விடை. பின்னர் அச்சூத்திரத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பதினொரு மாதங்களுக்கும் நகலெடுத்திருக்கிறார். நகலெடுக்கும்போது B2 என்பது B3 ஆவதைப் போலவே E1 என்பதும் E2, E3 என்று இறங்கிவிடுகிறது. அக்கலங்களில் ஒன்றும் இல்லை. வெற்றுக் கலம் சுழியமாகக் கொள்ளப்படும். ஆகவே இரண்டாம் மாதம் முதல் வட்டி சுழியம். ஆண்டு மொத்தமாக ரூ. 15,190 மட்டும் இலாப நட்டக் கணக்கிற்குச் செல்கிறது. இருக்க வேண்டியது ரூ. 1,82,280. இலாபம் ரூ. 1,67,090 அளவுக்கு ஊதிப்பெருத்துக் காட்சி தருகிறது. எல்லாக் கூட்டல்களும் சரி. எல்லாப் பட்டியல்களும் பொருந்துகின்றன. மாதத் தாளை அச்சிடாததால் சுழியங்களும் யார் கண்ணிலும் படவில்லை. இத்தாளைப் படிக்கும் அலுவலரோ வட்டித் தொகையைக் கண்டவுடனேயே நிறுத்திவிடுவார்; அதன்பின் அறிக்கையின் வேறெந்த எண்ணையும் அவர் எளிதில் நம்பமாட்டார். சூத்திரம் இவ்வாறு இருந்திருக்க வேண்டும்.

```
=B2*$E$1/12
```

டாலர் குறிகள் அக்கலத்தை அசையாமல் நிறுத்துகின்றன.

இத்தகைய பிழையைக் காண இரு வழிகள் உள்ளன. Formulas என்ற பட்டியில் Show Formulas என்பதைச் சொடுக்கினால் விடைகளுக்குப் பதிலாகச் சூத்திரங்களே தாள் முழுவதும் தோன்றும். ஒரு நிரலைக் கீழ்நோக்கிப் படித்தால், மாற வேண்டியது மாறுகிறதா, நிற்க வேண்டியது நிற்கிறதா என்பது சில நொடிகளில் விளங்கிவிடும். சூத்திரங்களின் வரிசையில் எங்கேனும் வெறும் எண் ஒன்று அமர்ந்திருந்தால் அதுவும் தெரியும். ‘இப்போதைக்கு’ என்று யாரோ மேலெழுதி மறந்த எண் அது. F5 விசையை அழுத்தி Special என்பதில் Constants என்பதைத் தேர்ந்தால், அவ்வாறு கையால் உள்ளிட்ட எண்கள் அனைத்தும் ஒருங்கே ஒளிரும். இரண்டாம் வழிக்குக் கணினியே வேண்டாம். பதினேழரை இலட்சத்திற்குப் பத்தரை வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் என்று மனத்திலேயே கணக்கிட்டு, தாளிலுள்ள எண் அதன் அருகில் நிற்கிறதா என்று பார்ப்பது. அலுவலர்கள் செய்வதும் இதைத்தான்.

மறைக்கப்பட்ட வரிசைகளைப் பற்றியும் ஒரு சொல். கைவிட்ட பழைய விலைப்புள்ளியை அழிக்க மனமின்றி வரிசையை மறைத்து வைப்போர் உண்டு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் SUM அதனைக் கூட்டிக்கொண்டேயிருக்கும். அச்சுத் தாளில் மொத்தம் மட்டும் அதிகமாக நிற்கும். வரிசை எண்கள் 5க்குப் பின் 7 என்று தாவுகின்றனவா என்று இடப்புற ஓரத்தைப் பாருங்கள். பழைய விலைப்புள்ளி வேண்டுமென்றால் அதற்கு வேறொரு தாள் இருக்கட்டும்.

இத்தனையும் முடிந்த பிறகு கோப்பைச் சேமித்து, அச்சிட்டு, அச்சுத் தாளில் உள்ள எண்களை மட்டும் வைத்துக் கணிப்பானில் இறுதியாக ஒருமுறை கூட்டுவது நன்று. இயன்றால் இதனைத் தாளைத் தயாரித்தவர் அல்லாத ஒருவர் செய்யட்டும். ஒருவர் விலைப்புள்ளியை உரக்கப் படிக்க, மற்றவர் தாளில் குறியிட்டுக்கொண்டே வரலாம். எட்டு இனங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.